கத்திப்பாராவில் எந்தத் தரிப்பிடத்தில் நிற்பது? – ஒரு சந்தியின் வரலாறு



முள்ளிக்குளம், மரிச்சுக்கட்டி, சிலாவத்துறைப் பக்கத்தில் இருந்து வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் ஊரில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "கத்திப்பாராவில் இறங்கி எங்கே நிற்கணும்?" ஏற்கனவே போய் வந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பார். இன்னொருவர் பாலத்துக்கு அடியில் என்பார். மூன்றாமவர் அங்கே நிற்கவே கூடாது, கிண்டிக்குப் போய்விடுங்கள் என்பார். மூவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் போனது வேறு வேறு காலம், போன திசையும் வேறு. அந்தச் சந்தியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் மூன்று பதில்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்க்கலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நம் பாட்டன்மாருக்கு இந்தக் கேள்வி இருக்கவில்லை. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கப்பலால் இறங்கி ரயிலேறினால் நேரே எழும்பூர்தான். அந்த ரயில் பரங்கிமலையையும் கிண்டியையும் கடந்தே போகும், ஆனால் அங்கே இறங்கி வீதியைக் கடக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் போர்க்காலத்தில் நின்றுபோனது. அதன் பின் நாம் சென்னைக்குள் நுழையும் வாசல் மீனம்பாக்கம் விமான நிலையமாயிற்று. அங்கிருந்து நகரத்தை நோக்கிப் போகும் வழியில் வரும் முதல் பெரிய சந்தி கத்திப்பாரா. கடல் வழி மூடியதால்தான் இந்தச் சந்தி நம்முடைய பிரச்சினையாகவும் ஆனது.

முதலில் சந்தியின் வடிவத்தைப் பார்ப்போம். நான்கு பெரிய வீதிகள் அங்கே கூடுகின்றன. கிழக்கே கிண்டி, சைதாப்பேட்டை வழியாக நகரத்துக்குள் போவது அண்ணா சாலை. பழைய பெயர் மவுண்ட் ரோடு. தெற்கே விமான நிலையம், தாம்பரம் நோக்கிப் போவது ஜி.எஸ்.டி. ரோடு. மேற்கே போரூர், பூந்தமல்லி நோக்கிப் போவது மவுண்ட் பூந்தமல்லி ரோடு. வடக்கே ஈக்காட்டுத்தாங்கல், வடபழனி, கோயம்பேடு நோக்கிப் போவது நூறடி ரோடு. பலகையில் அதை ஜவஹர்லால் நேரு சாலை என்றோ உள்வட்டச் சாலை என்றோ எழுதியிருப்பார்கள். ஒரே வீதிக்கு மூன்று பெயர் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த நான்கும் ஒரே காலத்தில் போட்ட வீதிகள் அல்ல. முதலில் இருந்தது நகரத்தில் இருந்து பரங்கிமலைக்குப் போகும் வழி. 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் ஒரு பாலம் கட்டினார். மலையின் மேலுள்ள தேவாலயத்துக்கு ஏறும் படிகளையும் அவரே கட்டிக் கொடுத்தார். பாலம் வந்த பிறகு மலைக்குப் போகும் வழி நிலைபெற்றது. மலையடிவாரம் பின்னர் ஆங்கிலேயரின் பீரங்கிப் படைக்கு முகாமானது. பூந்தமல்லியிலும் படை இருந்தது. நகரத்தில் இருந்து மலைக்கும், மலையில் இருந்து பூந்தமல்லிக்கும், மலையைத் தாண்டித் தென்மாவட்டங்களுக்கும் என்று மூன்று வழிகள் மலையடியில் பிரிந்தன. நான்காவதான நூறடி ரோடு வெகுகாலம் பிந்தியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மேற்கே பரந்தபோது நகரத்துக்குள் நுழையாமலே சுற்றிப் போவதற்காகப் போட்ட வீதி அது.

இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் வெகுகாலம் ஒரு சுற்றுவட்டம் இருந்தது. நடுவிலே நேருவின் சிலை. சுற்றுவட்டம் என்றால் எல்லா வாகனமும் ஒரே தளத்தில் மெதுவாகச் சுற்றிப் போக வேண்டும். பஸ் ஓரத்தில் ஒதுங்கும், ஆட்கள் இறங்கி நடந்து அடுத்த பஸ்ஸில் ஏறுவார்கள். தரிப்பிடங்கள் தனித்தனியாக இருந்தாலும் ஓரிடத்தில் நின்று பார்த்தால் மற்றது கண்ணுக்குத் தெரியும். "கத்திப்பாராவில் இறங்கு" என்று ஒரு சொல்லில் சொன்னது அந்தக் காலத்துக்குப் போதுமானதாக இருந்தது.

2008ஆம் ஆண்டு அந்த இடத்தில் மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது. சென்னைக்கு மேம்பாலம் புதிதல்ல. அண்ணா சாலையிலேயே ஜெமினி மேம்பாலம் 1973இல் வந்துவிட்டது. அது நீட்டாக ஏறி இறங்கும் பாலம். கத்திப்பாராவில் கட்டியது வேறு வகை. மேலேயிருந்து பார்த்தால் நான்கு இதழ் கொண்ட இலை போலத் தெரியும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929ஆம் ஆண்டளவில் முதன்முதலாக இந்த அமைப்பில் ஒரு சந்தி கட்டினார்கள். இதன் ஒரே நோக்கம், எந்தத் திசையில் இருந்து எந்தத் திசைக்குப் போகிறவரும் சிக்னலில் நிற்காமல் போக வேண்டும் என்பது.

அது எப்படி நடக்கிறது? நம்மைப் போல இடப்பக்கமாக ஓடும் நாட்டில், நேரே போகிறவருக்குச் சிக்கல் இல்லை. ஒரு வீதி மேலே, மற்றது கீழே. இடப்பக்கம் திரும்புகிறவர் சந்திக்கு வருமுன்னரே வெளி ஓரத்துப் பாதையில் பிரிந்துவிடுவார். வலப்பக்கம் திரும்ப வேண்டியவர்தான் சுற்ற வேண்டும். அவர் முதலில் சந்தியைக் கடந்து போய், பிறகு இடப்பக்கமாக ஒரு இதழைச் சுற்றி, முக்கால் வட்டம் அடித்துத் தன் வீதியில் வந்து சேர்வார். வலப்பக்கம் போக இடப்பக்கம் சுற்றுவது முதன்முறை போகிறவரைத் திகைக்க வைக்கும். பஸ்ஸுக்குள் இருக்கும்போது திசை மறந்துபோவதும் இங்கேதான். வெளியே பார்த்துத் திசை கணிக்க முயலாதீர்கள், கண்டக்டரிடமே கேளுங்கள்.

இப்போது பஸ் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள். இதழிலே நின்றால் பின்னால் வரும் அத்தனை வாகனமும் நிற்கும். இதழில் இருந்து வெளியே வருகிற வாகனமும் அடுத்த இதழுக்குள் நுழைகிற வாகனமும் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும் இடத்தில் நின்றால் விபத்து. பாலத்தின் மேலே நிற்கவே முடியாது. ஆகவே சந்திக்குள் எங்கும் நிற்க இடமில்லை. எல்லாப் பாதைகளும் பிரிவதற்கு முன்போ, எல்லாம் சேர்ந்த பின்போதான் நிற்கலாம். அப்படி நான்கு வீதியிலும் தரிப்பிடங்கள் வெளியே தள்ளப்பட்டன. வாகனங்கள் நிற்காமல் ஓடுவதற்குக் கொடுத்த விலை, ஆட்கள் நடக்க வேண்டிய தூரம் கூடியது. ஒரு தரிப்பிடத்தில் நின்றால் மற்றது தெரியாது. இடையிலே தூண்களும் சரிவுகளும்தான் தெரியும். தரிப்பிடங்கள் சிதறியதற்குக் காரணம் யாருடைய கவனக்குறைவும் அல்ல. இந்த வகைப் பாலத்தின் கணக்கே அப்படித்தான் வரும்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். நான்கு வீதி, ஒவ்வொன்றில் இருந்தும் மற்ற மூன்றுக்குப் போகலாம். மொத்தம் 12 வகைப் பயணம். பன்னிரண்டு தரிப்பிடம் தேடத் தேவையில்லை, நான்கு போதும். ஏனென்றால் எங்கிருந்து வந்த பஸ்ஸானாலும் சந்தியைக் கடந்த பின் அது போகும் வீதியில் வந்தே தீர வேண்டும். போரூருக்குப் போகிற பஸ் கிண்டியில் இருந்து வந்தாலும் தாம்பரத்தில் இருந்து வந்தாலும் மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில்தான் வெளியேறும். ஆகவே ஏறுவதற்கு ஒரு விதிதான். நீங்கள் போகும் ஊரை நோக்கிய வீதியில், சந்தியைத் தாண்டி, சந்திக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் இடக்கைப் பக்கமாக இருக்கும் ஓரத்தில் நிற்க வேண்டும்.

சரியான இடத்தில் நிற்கிறோமா என்று அறிய ஒரு அடையாளம் உண்டு. உங்கள் முன்னால் வந்து நிற்கும் பஸ்களின் முதுகு மேம்பாலத்தைப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸின் முகம் மேம்பாலத்தைப் பார்த்தால், நீங்கள் நிற்பது சந்திக்கு முன்னுள்ள தரிப்பிடம். அங்கே வரும் பஸ்கள் இனித்தான் மூன்று திசைக்குப் பிரியப் போகின்றன. அங்கே நிற்பது தவறில்லை, ஆனால் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திக் கேட்டே ஏற வேண்டும். சாமான் சுமையோடும் நோயாளியோடும் போகிறவர்களுக்கு அது பெரிய சிரமம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். விமான நிலையத்தில் இறங்கிய ஒரு குடும்பம் போரூர்ப் பக்கத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விமான நிலையத்துக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில், விமான நிலையம் இருக்கும் அதே பக்கத்தில் நின்றால் நகரத்தை நோக்கிய பஸ் வரும். எதிர்ப்பக்கம் திரிசூலம் ரயில் நிலையம் இருக்கும் பக்கம், அது தாம்பரத்துக்குப் போகும் திசை. நகரத்தை நோக்கி வரும் பஸ்களில் 18ஏ போன்றவை அண்ணா சாலைக்குப் போகும். 70வி போன்றவை நூறடி ரோட்டில் கோயம்பேட்டுக்குப் போகும். இரண்டிலும் கண்டக்டர் "கத்திப்பாரா" என்றுதான் சீட்டுக் கொடுப்பார். ஆனால் சந்தியைக் கடந்து இறக்கிவிட்டால் முதல் பஸ் கிழக்கே விடும், இரண்டாவது வடக்கே விடும். குடும்பத்துக்கு வேண்டியதோ மேற்கு.

இவர்கள் சந்திக்கு முன்னரே, ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே இறங்குவது நல்லது. காரணம் எளிது. தெற்கில் இருந்து வருகிறவருக்கு மேற்கு இடப்பக்கம். இடப்பக்கத்து அடுத்த வீதிக்குப் போக எந்த வீதியையும் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. இறங்கிய ஓரமே வளைந்து, மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் வெளியேறும் ஓரமாக மாறுகிறது. சந்தியைத் தாண்டி அண்ணா சாலையில் இறங்கிவிட்டால் திரும்பி வந்து வீதிகளைக் கடக்க வேண்டி வரும். இது எல்லாச் சந்திக்கும் பொருந்தும்: இடப்பக்கம் மாற வேண்டியவர் சந்திக்கு முன் இறங்கட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாகனம் வேகமாக இறங்கி வரும் சரிவுப் பாதையில் நடக்கக் கூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் வாகன ஓட்டி உங்களுக்காக நிற்கும் எண்ணத்தோடு வருவதில்லை. முதியவர் இருந்தால் அந்தச் சிறு தூரத்துக்கும் ஓர் ஆட்டோ பிடிப்பதே மேல்.

ஏறும் தரிப்பிடத்தின் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். கத்திப்பாராவைச் சுற்றியுள்ள தரிப்பிடங்களுக்குச் சந்தியின் பெயர் மட்டும் இல்லை. மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் பட் ரோடு என்று ஒரு தரிப்பிடம் உண்டு. அந்தப் பெயர் படைமுகாம் காலத்துப் பெயர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆசர்கானா என்று ஒரு தரிப்பிடம். கானா என்றால் பாரசீகத்தில் வீடு, இடம் என்று பொருள். முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஆலந்தூரின் வரலாறு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மவர்கள் அதைப் படித்துவிட்டு ஏதோ கடையின் பெயர் என்று நினைப்பதுண்டு. கண்டக்டரிடம் கேட்கும்போது "கத்திப்பாரா" என்று மட்டும் சொல்லாமல் "போரூர் பஸ் பிடிக்க எந்த ஸ்டாப்பிங்கில் இறங்கணும்?" என்று போகும் ஊரைச் சொல்லிக் கேளுங்கள். நாம் தரிப்பிடம் என்பதை அங்கே ஸ்டாப்பிங் என்பார்கள்.

இனி ஊரில் கிடைக்கும் மூன்று பதில்களுக்கு வருவோம். அவை ஏன் மாறின என்பதற்குப் பாலம் மட்டும் காரணமல்ல. வெளியூர் பஸ் நிலையமும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 2002 நவம்பர் வரை வெளியூர் பஸ்கள் நகரத்தின் நடுவே, பாரிமுனைப் பக்கத்தில் இருந்து புறப்பட்டன. அந்தக் காலத்தில் தென்மாவட்டப் பஸ் என்றால் கத்திப்பாராவில் அண்ணா சாலைப் பக்கம். 2002இல் கோயம்பேட்டில் புதிய நிலையம் திறந்ததும் அந்தப் பஸ்கள் வடக்கே நூறடி ரோட்டுக்கு மாறின. 2023 டிசம்பர் 30ஆம் திகதி வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தது. தென்மாவட்டப் பஸ்களின் புறப்பாடு அங்கே போனது. கிளாம்பாக்கம் விமான நிலையத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே இன்று திருச்சிக்கோ மதுரைக்கோ இராமநாதபுரத்துக்கோ போக, விமான நிலையத்தில் இருந்து நகரத்தின் பக்கமே திரும்பத் தேவையில்லை. எதிர்ப்பக்கம் கடந்து தாம்பரம் திசையில் ஏற வேண்டும். 2015இல் போய் வந்தவர் சொன்ன வழியை நம்பி இன்று கத்திப்பாராவுக்குப் போகிறவர், போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே போகிறார். யாரிடம் வழி கேட்டாலும் "எந்த ஆண்டு போனீங்க?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

பாலத்தினால் சிதறியதைத் திரும்பச் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. மேம்பாலத்தின் அடியில், இதழ்களுக்கு நடுவே இருந்த வெற்று நிலத்தில் சென்னை மெட்ரோ நிறுவனம் ஒரு சதுக்கம் அமைத்தது. 2021 டிசம்பரில் அது திறக்கப்பட்டது. பஸ்கள் உள்ளே வந்து நிற்க இடம், நடந்து போகப் பாதை, உட்கார இடம், கடைகள் எல்லாம் பாலத்துக்கு அடியிலேயே வந்தன. "பாலத்துக்கு அடியில்" என்று பதில் சொன்னவர் இதற்குப் பிறகு போனவர். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. மேலே ஓடும் பஸ் கீழே வந்து நிற்க வேண்டுமானால் இறங்கிச் சுற்ற வேண்டும். வேகமாகப் போக வேண்டிய பஸ்ஸுக்கு அது நட்டம். ஆகவே எல்லாப் பஸ்ஸும் அடியில் வரும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது.

பஸ்ஸை விட நமக்கு உதவியாக வந்தது மெட்ரோ ரயில்தான். கத்திப்பாராவுக்கு நடக்கும் தூரத்தில் ஆலந்தூர் நிலையம். இரண்டு தடங்களும் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. விமான நிலையத்தில் ஏறினால் நீலத் தடத்தில் கிண்டி, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல் கடந்து மண்ணடி வரை இறங்காமலே போகலாம். மண்ணடியில் தங்குகிற நம்மவர்களுக்கு இதைவிட நேரான வழியில்லை. திருவல்லிக்கேணிக்குப் போகிறவர் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். கோயம்பேட்டுக்குப் போகிறவர் ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறினால் போதும், நிலையத்தை விட்டு வெளியே வரவே தேவையில்லை. ஆக இன்று கத்திப்பாராவில் இறங்கிப் பஸ் தேட வேண்டியவர்கள் பெரும்பாலும் மேற்கே போரூர், பூந்தமல்லிப் பக்கம் போகிறவர்கள்தான். அவர்களுக்கு ஆலந்தூரில் இறங்கி, மவுண்ட் பூந்தமல்லி ரோட்டுத் தரிப்பிடத்தைக் கேட்டுப் போவது நேர்வழி. அந்த வீதியிலும் புதிய மெட்ரோத் தடத்தின் வேலை நடக்கிறது. வேலை நடக்கும் வீதியில் தரிப்பிடங்கள் முன்பின் நகரும். பலகையை நம்புவதைவிட, ஆட்கள் கூடி நிற்பதையும் பஸ்ஸின் முதுகையும் பார்ப்பது நம்பிக்கையானது.

இதெல்லாம் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. கொழும்பில் இருந்து புத்தளம் வழியாக ஊருக்கு வருகிறவர்கள் பேலியகொடையை நினைத்துப் பாருங்கள். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் அங்கேதான் பிரிகின்றன. 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்த பிறகு அந்தப் பகுதியிலும் மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம். பிரிவதற்கு முன் நின்றால் கண்டி பஸ்ஸும் வரும், நீர்கொழும்பு பஸ்ஸும் வரும், பலகையை வாசித்தே ஏற வேண்டும். நீர்கொழும்பு வீதிக்குள் நுழைந்து, சந்தியைத் தாண்டி, இடக்கை ஓரத்தில் நின்றால் வருவதெல்லாம் நம் திசை பஸ்தான். புத்தளம் போகுமா, சிலாபத்தோடு நிற்குமா என்பது மட்டுமே மிச்சக் கேள்வி.

கை காட்டினால் பஸ் நிற்கும் வீதியில் வளர்ந்தவர்கள் நாம். நமது பக்கத்தில் திசை இரண்டுதான், ஓரம் மாறி நின்றாலும் எதிர்ப்பக்கத்துக்கு ஓடி ஏறிவிடலாம். மேம்பாலச் சந்தியில் அப்படி ஓடக் கூடாது. அடுத்த மாதம் பயணம் வைத்திருப்பவர்கள் தாளில் நான்கு கோடு கீறி, எந்தக் கோட்டில் எந்த ஊர் என்று எழுதி, போக வேண்டிய கோட்டின் இடக்கை ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் போய் வந்தவர்கள், எந்த மாதம் போனீர்கள், எங்கே ஏறினீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். அடுத்துப் போகிறவருக்கு அது உதவும்.